ஒரே ஜாயின், மூன்று வழிகள்: எதற்கு எத்தனை பிளாக்?

வாடிக்கையாளர் டேபிள் 500 பிளாக், அதில் 10,000 வரிசைகள். ஆர்டர் டேபிள் 4,000 பிளாக், அதில் 1,00,000 வரிசைகள். ஜாயினுக்கு ஒதுக்கிய நினைவகம் 52 பஃபர். ஒரு பஃபரில் ஒரு பிளாக் அடங்கும். வாடிக்கையாளர் எண்ணை வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். விடையை எழுதும் செலவு மூன்று வழிக்கும் ஒன்றுதான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நெஸ்டட் லூப்

பாடப்புத்தக வடிவில், ஒவ்வொரு வாடிக்கையாளர் வரிசைக்கும் ஆர்டர் டேபிளை முழுதாகப் படிப்போம். 500 + 10,000 × 4,000, அதாவது நான்கு கோடி பிளாக்கைத் தாண்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு நெஸ்டட் லூப்பையே ஒதுக்கிவிடுபவர்கள் அவசரப்படுகிறார்கள். வரிசை வரிசையாக இல்லாமல், 50 பிளாக் வாடிக்கையாளர்களை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றி, ஒரு பஃபரை ஆர்டருக்கும் இன்னொன்றை விடைக்கும் விட்டால் பத்தே சுற்று போதும்:

```
500 + 10 × 4000 = 40,500
```

ஆர்டரை வெளிச்சுற்றில் வைத்தால் 4,000 + 80 × 500 = 44,000. அதனால் சிறிய டேபிள்தான் வெளியே இருக்க வேண்டும்.

ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தால் கணக்கு வேறு. இண்டெக்ஸில் இறங்க 3 பிளாக், சிதறிக் கிடக்கும் 10 ஆர்டர்களை எடுக்க 10 பிளாக் என்று ஒரு வாடிக்கையாளருக்கு 13. ஒரு ஊரின் 40 வாடிக்கையாளர்கள் மட்டும் வேண்டுமென்றால் 500 + 520 = 1,020 பிளாக்கில் வேலை முடிகிறது. இந்தக் கேள்விக்கு மற்ற இரண்டு வழிகளும் கிட்டவே வர முடியாது. ஆனால் 10,000 பேருக்கும் இதையே செய்தால் 1,30,500. அதுவும் பெரும்பாலும் அங்குமிங்கும் தாவிப் படிக்கும் பிளாக்குகள்.

சார்ட் மெர்ஜ்

முதலில் 52 பிளாக் துண்டுகளாக வரிசைப்படுத்தி எழுதுகிறோம். வாடிக்கையாளருக்கு 10 துண்டு, ஆர்டருக்கு 77. ஒரே நேரத்தில் 51 துண்டுகளைத்தான் சேர்க்க முடியும்; 87 இருக்கின்றன. ஆகவே ஆர்டர் துண்டுகளை ஒருமுறை தங்களுக்குள் சேர்த்து இரண்டாக்கிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்தபடியே இணைக்கிறோம்:

```
1,000 + 16,000 + 4,500 = 21,500
```

பஃபர் 70 ஆக இருந்திருந்தால் துண்டுகள் 8 + 58 = 66. இடைச் சுற்றே தேவையில்லை; 3 × 4,500 = 13,500. பதினெட்டு பஃபர் கூடியதில் 8,000 பிளாக் மிச்சம்.

இணைக்கும் எண் இரண்டு பக்கமும் பலமுறை வந்தால் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க நேரும். இங்கே வாடிக்கையாளர் எண் ஒரு பக்கம் தனித்தன்மை உடையது, ஆகவே அந்தத் தொல்லை இல்லை. இரண்டு டேபிளும் ஏற்கனவே அந்த எண்ணின் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால் செலவு வெறும் 4,500.

ஹாஷ்

இரண்டு டேபிளையும் ஒரே ஹாஷ் சார்பால் 51 பிரிவுகளாகப் பிரித்து எழுதுகிறோம். வாடிக்கையாளர் பிரிவு ஒன்று சுமார் 10 பிளாக். அதை நினைவகத்தில் வேறொரு ஹாஷ் சார்பால் அடுக்கி, அதற்கு இணையான ஆர்டர் பிரிவை ஒவ்வொரு பிளாக்காக ஓடவிடுகிறோம். படிக்க, எழுத, மறுபடி படிக்க: 3 × 4,500 = 13,500. பாதி நிரம்பிய பிளாக்குகளுக்காக இன்னும் கொஞ்சம் கூடும்.

நினைவகத்தில் அடங்க வேண்டியது சிறிய டேபிளின் பிரிவு மட்டும்தான். ஆர்டர் எவ்வளவு பெரிதானாலும் பிரிவுகளின் எண்ணிக்கை மாறாது. இங்கே 25 பஃபரே போதும்: 24 பிரிவு, ஒவ்வொன்றும் 21 பிளாக். சார்ட் மெர்ஜுக்கோ இதே 13,500-ஐத் தொட ஏறக்குறைய 70 வேண்டியிருந்தது, ஏனென்றால் அதில் பெரிய டேபிளின் துண்டுகளும் ஒன்றாக அடங்க வேண்டும். இரண்டும் அளவில் வெகுவாக வேறுபட்டால் என் தேர்வு ஹாஷ்தான்.

அது தடுமாறும் இடமும் உண்டு. சமக்குறி அல்லாத நிபந்தனைக்கு ஹாஷ் உதவாது. ஒரே எண் ஆயிரக்கணக்கில் வரும் பக்கத்தை அடுக்கும் பக்கமாக எடுத்துவிட்டால் ஒரு பிரிவு வீங்கும். எத்தனை முறை மறுபடி பிரித்தாலும் ஒரே எண் ஒரே பிரிவில்தான் விழும்.

நினைவகம் தாராளமாக இருந்தால் முடிவு மாறும். 169 பஃபரில் பிளாக் நெஸ்டட் லூப் மூன்று சுற்றில் 12,500 பிளாக்கோடு முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன ஹாஷை விடக் குறைவு. 502 பஃபர் இருந்தால் ஒரே சுற்று, 4,500. அந்த அளவில் ஹாஷுக்கும் பிரித்து எழுதும் வேலை இல்லாததால் அதன் செலவும் 4,500தான். ஒப்பிடும் வேலை குறைவதால் ஹாஷ் முந்தும்.

போஸ்ட்கிரெஸில் நடந்ததைப் பார்க்க:

```
EXPLAIN (ANALYZE, BUFFERS) SELECT ...
```

ஹாஷ் வரியில் `Batches: 1` என்றால் எல்லாம் நினைவகத்திலேயே முடிந்தது. அது ஒன்றைத் தாண்டி, `Buffers` வரியில் `temp read=… written=…` எண்களும் தோன்றினால் பிரித்து எழுதும் செலவு நேர்ந்திருக்கிறது. சார்ட்டில் `external merge` என்று வந்தாலும் அதே கதைதான். இரண்டுக்கும் முதலில் `work_mem`-ஐப் பாருங்கள். நெஸ்டட் லூப்பின் உள்பக்கத்தில் `loops` ஆயிரக்கணக்கில் இருந்து, வெளிப்பக்கத்தின் `rows` மதிப்பீடு சில பத்துதான் என்றால், நினைவகத்தைத் தொடாமல் `ANALYZE` ஓட்டிப் புள்ளிவிவரங்களைப் புதுப்பியுங்கள்.