ஆர்கானிக்கா, சின்டர்டா? கடலோர ஊர் வண்டிக்கு ஏற்ற பிரேக் பேடும் ஷூவும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஓடும் வண்டி மலை இறங்குவதில்லை. ஆனால் உப்புக்காற்றும், மணலும், ஐப்பசி கார்த்திகை மழையும் அதை விடுவதில்லை. பேட் எந்தப் பொருளில் வேண்டும் என்பதை இவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆர்கானிக் பேடில் நாரும் உராய்வுத் தூளும் ரெசினால் பிணைக்கப்பட்டிருக்கும். சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும், டிஸ்க்கை அதிகம் தின்னாது. நனைந்தால் முதல் பிடி சற்றுத் தளரும். லீவரை லேசாக அழுத்தியபடியே ஓட்டினால் ரெசின் சூடாகி, பேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிமானம் போய்விடும். சின்டர்ட் பேட், செம்பு கலந்த உலோகத்தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. மழையில் நன்றாகப் பிடிக்கும், சூடு தாங்கும், நாள்பட உழைக்கும். ஆனால் டிஸ்க்கை வேகமாகத் தேய்க்கும், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரிலுள்ள ஆயிலுக்கும் சூட்டை அதிகம் கடத்தும். ரெசினுக்குள் உலோகத்துகள் சேர்த்த செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

110, 125 சிசி ஸ்கூட்டருக்கு ஆர்கானிக் அல்லது செமி மெட்டாலிக்கே போதும் என்பது எங்கள் தீர்ப்பு. சின்டர்ட் பேட் எந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டதோ, அந்தச் சூடு அரியாங்குப்பம் சிக்னலில் நின்று நின்று போகும் ஸ்கூட்டரில் உண்டாவதே இல்லை. பேடில் மிச்சம் பிடித்து டிஸ்க்கை இழப்பது நட்டம். கம்பெனியிலிருந்தே சின்டர்டோடு வந்த பைக்குக்கு மட்டும் அதையே போடுங்கள்.

சில பேடுகளின் பின்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது மிதமான சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ளது. எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் அதற்கும் மேல். ஊருக்குள் ஓட்டுபவர் பார்க்க வேண்டியது முதல் எழுத்தை.

எந்தப் பொருள் போட்டாலும், நம் ஊரில் அதைச் சீக்கிரம் முடிப்பது, கேலிப்பர் சறுக்கி நகரும் ஸ்லைடு பின் என்ற கம்பிதான். உப்பும் மணலும் ரப்பர் உறைக்குள் போய் அந்தக் கம்பி இறுகினால், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். ஒரு கணக்கு பார்ப்போம். புதிதில் 4 மி.மீ. இருந்த பேட், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் தினம் போய்வந்து 10,000 கி.மீ. ஓடியபின் வெளிப்பக்கம் 3 மி.மீ., பிஸ்டன் பக்கம் 1.5 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவர் இன்னும் 20,000 கி.மீ. தாங்கும் என்பார். மாற்ற வேண்டிய அளவு 1 மி.மீ.; உள்பேட் 1,000 கி.மீ.க்கு 0.25 மி.மீ. தேய்கிறது என்பதால் உண்மையில் மிச்சம் 2,000 கி.மீ.தான். அதனால் டார்ச் அடித்து இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பேட்டின் நடுவிலுள்ள பள்ளக்கோடு மறைந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஸ்லைடு பின்னைத் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிரேக் ஆயில் மட்டம் கசிவில்லாமல் இறங்கியிருந்தால் பேட் தேய்ந்திருக்கிறது. ஆயிலை நிரப்பிவிட்டுப் போனால் அந்த அறிகுறி மறைந்துவிடும். பிறகு புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டை அரிக்கும்.

கிறீச் சத்தம் மட்டும் வந்தால் தேய்மானம் என்று சொல்ல முடியாது. முகம் பளபளத்திருக்கலாம், மணல் புகுந்திருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு வந்தால் வண்டியை நிறுத்துங்கள். டிஸ்க்கில் நகம் சிக்கும் அளவு வரி விழுந்திருந்தால் அதன் தடிமனையும் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

டிரம் ஷூவில் எல்லாமே ஆர்கானிக் வகைதான், வேறுபாடு உராயும் லைனிங்கை ஷூவில் ஒட்டியிருக்கும் விதத்தில். மலிவு ஷூவில் லைனிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உப்புநீர் புகுந்து அரித்தால் லைனிங் பெயர்ந்துவிடும். வாங்கும்போதே விளிம்பில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள்.

ஷூ தேய்வதை, பிரேக்கை இறுக்கும் நட்டைத் திருகித் திருகி மறைத்துவிடலாம், ஆபத்து அங்கேதான். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது டிரம்முக்கு வெளியே திரும்பும் ஆர்மிலுள்ள அம்புக்குறி டிரம் தட்டிலுள்ள குறியைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. அதன்பின் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுத் தருவது சில பட்டறைகளில் நடக்கிறது. அப்படிச் செய்தால் அம்புக்குறி பொய் சொல்லும். உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பிப் புரண்டு, ஓட்டத்திலேயே சக்கரத்தை இறுக்கிவிடலாம். இடது லீவரிலேயே முன்பிரேக்கும் சேர்ந்து இயங்கும் ஸ்கூட்டர்களில், பின்ஷூ தேய்ந்து லீவர் தளர்ந்தால் முன்சக்கரத்துக்குப் போகும் பங்கும் மாறிவிடும்.

டிரம்மைத் திறந்தால் தூளை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். பெயர் தெரியாத பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். புது ஷூவோ பேடோ போட்டதும் ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, சக்கரம் பூட்டாமல், நடுவே ஆறவிட்டு 20 முறை குறையுங்கள். முகம் முழுதும் படியும்வரை முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.