மழை விட்டும் தூவானம் விடாத பானைத் தளம்

மணலியில் வீடு கட்டும் நண்பன் நேற்றும் கேட்டான்: "உங்க வீட்டு மாடி ரூம்ல சட்டி வச்சுத் தளம் போட்டீங்களே, எப்படி இருக்கு? நானும் போடலாமா?" ஒழுகலை அடைக்க ஆள் வந்து போன மறுநாள் பார்த்துக் கேட்கிறான். அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். மாடியில் முன்னறைக்குச் சாதாரண கான்கிரீட், பின்னறைக்கு மட்டும் கான்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைப் புதைத்துப் போட்ட தளம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு முன்னறையில் ஃபேன் போட்டால், பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அனலைத் திருப்பிக் கக்கும். பின்னறையில் அந்த அனல் பாதிகூடத் தெரியாது. சட்டிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கீழே விடாது. சட்டிகளுக்கு நடுவே ஓடும் கான்கிரீட் பட்டைகள் வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதனால் ஏசி அறை மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் வீட்டில் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு போவது பின்னறைக்குத்தான்.

சிமெண்ட் மிச்சம் என்று சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட் பெரிதாக உதவுவதில்லை. அந்த இடத்தைத்தான் சட்டி அடைத்துக்கொள்கிறது. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் ஓடு வைத்துப் பரப்பிய முறையும் இதே தத்துவம்தான். எங்கள் அறை 10க்கு 12 அடி, தளம் 5 அங்குலம். முழுக்கக் கான்கிரீட் என்றால் 50 கன அடி. 10 அங்குல வாய், 3 அங்குல உயரச் சட்டிகள் சுமார் 70 உட்கார்ந்தன. ஒன்று 2 லிட்டர் இடம் பிடித்தால் மொத்தம் 5 கன அடி. பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்! கால்வாசி மிச்சமாக வேண்டுமென்றால் சட்டி பெரிதாக, தளம் தடிமனாக, நெருக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். அதை இன்ஜினியர்தான் போட்டுத் தர வேண்டும், மேஸ்திரி கண்ணளவு போதாது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஐப்பசி மழை விட்டு வெயிலும் அடித்துவிட்டது, பின்னறையில் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. பூச்சில் பார்த்தால் வட்டமாக ஈரம், சட்டி வாயளவுக்கு அச்செடுத்த மாதிரி. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் மற்ற சட்டிகள் இருக்கும் இடமெல்லாம் 'டங்' என்று வெற்றொலி. அந்த வட்டத்தில் மட்டும் 'தொப்' என்றது. வந்த ஆள் நடுவில் சின்ன டிரில் போட்டதும் பக்கெட்டில் கலங்கல் தண்ணீர் கொட்டியது. சட்டியைக் கவிழ்த்து, வாயை மண் மூடியால் அடைத்துத்தான் வைத்தார்கள். மேலே இருந்து இறங்கிய நீர் அந்த மூடியில் தேங்கி, மழை நின்ற பிறகும் நிதானமாகக் கசிந்திருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த சட்டியில் குளிர்ச்சியும் போச்சு.

காரணம் மேலே. சட்டிக்கு மேல் இருப்பது 2 அங்குலக் கான்கிரீட்தான். அதில் மெல்லிய கம்பி வலை போட்டிருந்தால் கீறல் இவ்வளவு விட்டிருக்காது. சட்டியை ஊறவைக்காமல் வைத்தாலும், அது புதிதாக ஊற்றிய கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிச் சுற்றிலும் பலவீனமாக்கிவிடும். எங்கள் மேஸ்திரி ஊறவைத்தேன் என்று சத்தியம் செய்கிறார், இருக்கட்டும். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் கீறல் இருக்கும் என்றும் நினைக்க முடியாது. மொட்டை மாடியில் மண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில், சொட்டிய இடத்திலிருந்து நாலடி தள்ளி, மேலே பதித்த தட்டோடுகளின் இணைப்பில் கீறல் அகப்பட்டது. கீழே எத்தனை தடவை பூசினாலும் வீண்தான்.

கடல் பக்கம் இதைச் சும்மா விடவும் முடியாது. உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்தால், சட்டிகளுக்கு நடுவே நெருக்கடியான இடத்தில் ஓடும் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளும்.

ஆகவே மச்சான், கடலோரத்தில், வலையும் போடாமல், ஊறவைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆளும் இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதே. என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கூத்தைப் பார், வாசல் பக்கம் இன்னொரு அறை கட்டப் போகிறோம். அதற்கும் சட்டிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் மறுக்கவில்லை.