லிவர் சொல்வதை டிரம்மில் நம்பலாம், டிஸ்க்கில் நம்ப முடியாது

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று இருக்கும் பைக்கில் ஒரே அறிகுறியை வைத்து இரண்டையும் எடைபோட்டால் ஏமாந்துபோவோம். நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் லிவர், பெடல் போகும் தூரம். பின்னால் இருக்கும் டிரம்மில் இதுதான் நேர்மையான சாட்சி. ஷூவின் லைனிங் தேயத் தேய, அது டிரம்மைத் தொட, ஷூவை விரிக்கும் கேம் அதிகம் திரும்ப வேண்டும், அதனால் பெடலும் அதிகம் இறங்கும். பெரும்பாலான பைக்குகளில் பெடலின் வெற்று ஆட்டம் 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கம்பி முனையிலுள்ள நட்டை முறுக்குவோம், சரியாகிவிடும்.

ஆனால் நட்டை முறுக்குவது தேய்மானத்தை மறைக்கிறதே தவிர, நீக்குவதில்லை. பிரேக் ஆர்ம் பக்கத்தில் பல வண்டிகளில் ஒரு அம்பும், பேனலில் ஒரு கோடும் இருக்கும். பெடலை முழுதாக அழுத்தி அம்பு கோட்டைத் தொட்டால், நட்டில் இன்னும் எவ்வளவு மரை மீதியிருந்தாலும் ஷூ மாற்றத்தான் வேண்டும். குறி இல்லாத வண்டியில், பெடலை அழுத்திய நிலையில் ஆர்முக்கும் கம்பிக்கும் இடையிலான கோணத்தைப் பார்ப்பேன். 90 டிகிரியைத் தாண்டிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் அந்த விசை கேமுக்கு முழுதாகப் போய்ச் சேராது.

அதே அளவுகோலை டிஸ்க்கில் வைத்தால்தான் வம்பு. பேட் பாதி தேய்ந்தாலும் லிவர் புதிதுபோலவே கெட்டியாக இருக்கும். காரணம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். பிரேக் பிடிக்கும்போது அது கொஞ்சம் வளைகிறது, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை அதே சின்ன அளவு பின்னுக்கு இழுக்கிறது. பேட் தேய்ந்தால் பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி முன்னே வந்து, புது இடத்தில் நின்றுகொள்ளும். தேய்ந்த அளவுக்கு பிரேக் ஆயில் கிண்ணத்திலிருந்து கீழே இறங்கிவிடும். கையில் தெரியாத தேய்மானம் கிண்ணத்தின் மட்டத்தில் தெரியும்.

அதையும் ஒருவர் கெடுத்துவிடலாம். என் வண்டியில் சர்வீஸின்போது மட்டம் குறைந்திருந்ததைப் பார்த்து ஆயிலை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். லிவர் கெட்டி, மட்டம் நிறைவு, சத்தமும் இல்லை. சில மாதம் கழித்து டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்: உள்பக்க பேட்டில் லைனிங் 1 மி.மீ.கூட இல்லை, வெளிப்பக்கத்தில் 3 மி.மீ. இருந்தது. பேட்களை அழுத்தும் கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் பின் இறுகி, ஒரு பக்கமே வேலை செய்திருக்கிறது. புது பேட் போட பிஸ்டனைப் பின்னால் தள்ளினதும், அன்று நிரப்பிய ஆயில் கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. பெயின்ட் போகாமல் இருக்க உடனே தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து டார்ச் அடித்து இரண்டு பேடையும் பார்க்காமல் நான் ஆயில் ஊற்றுவதில்லை.

சரி, டிஸ்க்கில் லிவர் தூரம் கூடினால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் பேட் இல்லை. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. முதல் பிடியில் நீளமாகப் போய், இரண்டாவது பிடியில் சரியானால், ஆடும் டிஸ்க்கோ தளர்ந்த பேரிங்கோ பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம்.

சத்தம்? எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கீச்சொலி தூசியாலும் வரும், ஈரத்தாலும் வரும், கண்ணாடிபோலப் பளபளத்துப்போன லைனிங்காலும் வரும். சில பேட்களில் தேய்ந்ததும் டிஸ்க்கை உரசிக் கத்துவதற்கென்றே ஒரு தகடு உண்டு, ஆனால் எல்லா பேட்டிலும் கிடையாது. சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரே சத்தம், இரும்பும் இரும்பும் அரைக்கும் கரகரப்பு. அது எச்சரிக்கையாக வருவதில்லை, லைனிங் முடிந்து பேட்டின் பின்தகடு டிஸ்க்கை உழத் தொடங்கியபின் வருகிறது. டிரம்மிலும் இதே கதைதான், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

கையில், காலில் தெரியும் துடிப்பு, பேடையோ ஷூவையோ அல்ல, அவை உரசும் பரப்பைக் காட்டுகிறது. மெதுவாக ஓட்டி லேசாகப் பிடித்துப் பாருங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை லிவர் தட்டினால் டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை, அல்லது டிஸ்க் வளைந்திருக்கிறது. பெடல் தட்டினால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். ஏபிஎஸ் துடிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கடுமையாகப் பிடிக்கும்போதோ வழுக்கும் இடத்திலோ, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடப் போகும்போது மட்டும் படபடவென்று வரும். துடிப்பு இல்லாமலே டிஸ்க் சீராக மெலிந்து போவதும் உண்டு. அதற்கு எந்தச் சத்தமும் உணர்வும் உதவாது. டிஸ்க்கிலேயே MIN TH என்று பொறித்திருக்கும் மி.மீ. அளவோடு, விளிம்பிலுள்ள மேட்டைத் தவிர்த்து, தேய்ந்த இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.