வினாத்தாள் படத்தில் ரோல் நம்பர்: வெட்டுவதா, மங்கலாக்குவதா, கறுப்படிப்பதா?

பழைய வினாத்தாளைப் படம் பிடித்துப் பகிர்பவரின் கண் முழுக்கக் கேள்விகள் மேல்தான் இருக்கும். முதல் பக்கத்தின் மேல் மூலையில் வரிசையாக இருக்கும் சின்னக் கட்டங்கள் கண்ணில் படாது. ஆனால் தேர்வறையில் தாள் கைக்கு வந்ததும் மாணவர் முதலில் நிரப்புவதே அந்தக் கட்டங்களைத்தான். ரோல் நம்பரைத் தவிர வினாத்தாளில் வேறு எதையும் எழுதக் கூடாது என்று பல தேர்வுகளில் விதியே உண்டு. அதனால் தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த எண் மட்டும் அதில் இருக்கும்.

ஒரு படத்தை வைத்தே பேசுவோம். வலது மேல் மூலையில் நீலப் பேனாவில் எட்டு இலக்க ரோல் நம்பர். அதை ஒட்டியே இடப்பக்கம் வினாத்தாள் குறியீடு, கேள்விகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைச் சொல்லும் ஓர் எழுத்து. அதற்குக் கீழே ஒரு பார்கோடு. இந்தப் படத்தை அடுத்தவர்களுக்குப் பயன்படும்படி கொடுக்க வேண்டும், எழுதியவரையும் காட்டிக் கொடுக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

அப்படியே விடுவது. ரோல் நம்பர் கடவுச்சொல் மாதிரி ரகசியம் இல்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற எண்தானே என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. பலகையில் அது தனி எண். படத்திலோ அதனுடன் தேர்வின் பெயரும் தேதியும் சேர்ந்து வருகின்றன. பகிர்ந்தவரின் கணக்குப் பெயரும், தாளின் ஓரத்தில் டிக் அடித்த விடைகளும்கூட வரலாம். எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் மதிப்பெண் பட்டியலைத் திறந்து காட்டும் முடிவுப் பக்கங்கள் உண்டு; எண்ணை மட்டும் கேட்பவையும் உண்டு. பிறந்த தேதியை ஒரு வாழ்த்துப் பதிவிலிருந்தே பிடித்துவிடலாம். சொந்தத் தாள், முடிவு வந்து பல வருடம் ஆயிற்று, தெரிந்தே விடுகிறேன் என்றால் சரி, அது உங்கள் இஷ்டம். ஆனால் பல்கலைக்கழகப் பதிவெண் படிப்பு முழுக்கத் தொடர்ந்து வரும் எண் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்தவர் தாள் என்றால் இந்த வழியே கிடையாது.

கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மறைப்பது. வங்கிச் சீட்டுகளில் எண்ணின் ஒரு பகுதியை மட்டும் மறைப்பதைப் பார்த்துப் பழகியதால் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் ரோல் நம்பர் ஒழுங்கின்றிக் கொடுக்கப்படும் எண் இல்லை. பெரும்பாலும் முன்பகுதி தேர்வு மையத்தையோ கல்லூரியையோ குறிக்கும், பின்பகுதி வரிசை எண். நம் படத்தில் முதல் நான்கு இலக்கம் மையத்துக்குப் பொதுவானது என்று வைத்துக்கொள்வோம். அந்த மையத்தில் 400 பேர் எழுதியிருந்தால், எட்டு இலக்கமாக இருந்தும் எண்ணுக்கு 400 சாத்தியங்கள்தான். கடைசி இலக்கம் ஒன்று தெரிந்தால் அது 40 ஆகிவிடும். கடைசி இரண்டை மறைத்து மீதியைக் காட்டினால் அதிகபட்சம் 100. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். எனவே மறைத்தால் முழு எண்ணையும் மறைக்க வேண்டும். பாதி மறைப்பு கணக்கில் சேராது.

வெட்டிவிடுவது. எண் ஓரத்தில் தனியாக இருந்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. இல்லாத பகுதியை யாரும் மீட்க முடியாது. நம் படத்தில் சிக்கல் என்னவென்றால், மேல் பட்டையை வெட்டினால் வினாத்தாள் குறியீடும் வரிசை எழுத்தும் சேர்ந்து போய்விடும். விடைக்குறிப்போடு ஒப்பிட அவை இரண்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் 14ஆம் கேள்விக்கு எந்த விடை என்று படிப்பவர் திண்டாடுவார்.

வெட்டியது உண்மையிலேயே போய்விட்டதா என்பது அடுத்த கேள்வி. போன்களின் படத் தொகுப்புச் செயலிகள் பலவும் மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெட்டிய தோற்றத்தை மட்டும் காட்டுகின்றன. எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம் என்ற வசதிக்காகத்தான். திருத்த விவரங்களோடு சேர்த்து அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தால் முழுப் படமும் எதிராளியிடம் போய்ச் சேரும். இன்னொரு பழைய கதையும் உண்டு. கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவி, வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது; புதிய கோப்பு சிறியதாக இருந்ததால் பழையதின் வால் பகுதி அப்படியே பின்னால் தங்கிவிட்டது. அந்த வாலிலிருந்து வெட்டிய பகுதியை மீட்கலாம் என்று 2023 மார்ச்சில் வெளியானது. விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் அதே கோளாறு இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்கள் தாமாகத் திருந்திவிடாது.

மங்கலாக்குவது, கட்டம் கட்டமாக்குவது. பார்க்க நாகரிகமாக இருப்பதால் பலருக்கும் பிடித்த வழி இது. ரோல் நம்பருக்கு இதைவிட மோசமான வழி இல்லை என்பது என் கருத்து. காரணம் எளிது. ஒரு முகத்துக்கு எண்ணற்ற சாத்தியங்கள் உண்டு. ஓர் இலக்கத்துக்குப் பத்தே பத்து.

படத்தில் ஓர் இலக்கம் 30 பிக்சல் அகலம், 40 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பிக்சல் கட்டங்களாக மாற்றினால் அந்த இலக்கத்துக்கு 12 கட்டங்கள் மிஞ்சும், ஒவ்வொன்றிலும் அந்த இடத்தின் சராசரி நிறம். இப்போது 0 முதல் 9 வரை அதே எழுத்துருவில் எழுதி, அதே கட்டமாக்கலைச் செய்து, எது 12 கட்டங்களோடும் பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். அச்சடித்த எண்ணுக்கு இது கிட்டத்தட்ட நேரடியாகவே வேலை செய்யும். கையெழுத்துக்குக் கொஞ்சம் கடினம். ஆனால் அதே கை, அதே தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் மாதிரிகளும் படத்திலேயே கிடைத்துவிடுகின்றன. 3-ஆ 8-ஆ, 1-ஆ 7-ஆ என்ற அளவுக்குச் சந்தேகம் மிஞ்சினாலும், மூன்று இலக்கத்துக்கு எட்டு சாத்தியங்கள்தான். கேள்விகளின் பக்கத்தில் இருக்கும் டிக் குறிகளை மங்கலாக்குங்கள், அதில் தவறில்லை. எண்ணை வேண்டாம்.

கறுப்படிப்பது. நம் படத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனால் எதனால் கறுப்படிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. போனில் இருக்கும் ஹைலைட்டர் மாதிரித் தூரிகை முழுக் கறுப்பு இல்லை. அரைகுறையாக ஒளி ஊடுருவும். நாலு முறை தேய்த்ததும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், ஆனால் அடியில் இருந்த வித்தியாசம் மெல்லியதாக மிஞ்சும். வெளிச்சத்தையும் நிழல் அளவையும் முழுக்க ஏற்றினால் எண் மேலெழும்பி வந்துவிடும். விரலால் கிறுக்குவதிலும் பிரச்சினை உண்டு. 9-இன் வால், 7-இன் தலை எங்காவது வெளியே எட்டிப்பார்க்கும். இலக்கங்களின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தாலே பழகிய கண் பாதியைப் படித்துவிடும். அதனால் தூரிகையை விட்டுவிட்டு, உள்ளே முழுதும் நிறம் நிரம்பிய செவ்வகத்தைப் போடுங்கள். எழுத்தை ஒட்டிப் போடாமல், அச்சடித்த கட்டங்களின் வரிசை முழுவதையும் மூடும்படி போடுங்கள்.

பார்கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தாளிலும் அதில் மாணவர் விவரம் இருக்காது. சிலவற்றில் வெறும் அச்சு எண்தான். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், சந்தேகம் என்றால் மூடிவிடலாம். கோடுகளாலான பார்கோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே தகவல்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது. முக்கால் உயரத்தை மூடி, அடியில் மெல்லிய கீற்றை விட்டால் அந்தக் கீற்றே படிக்கப் போதும். கியூஆர் குறியீட்டிலோ பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறது. அதிகபட்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படித்துவிடும். நடுவில் ஒரு கோடு கிழிப்பதெல்லாம் அதற்குக் கொசுக்கடி.

பிடிஎஃப் கோப்பாக இருந்தால் இன்னொரு பொறி. அதில் வரையும் கறுப்புப் பெட்டி பெரும்பாலும் தனி அடுக்காகவே இருக்கும்; பெட்டியை எடுத்து நகர்த்தினால் அடியில் எண் சிரிக்கும். பக்கத்தைப் படமாக மாற்றி, அதில் கறுப்படித்து, மறுபடி பிடிஎஃப் ஆக்குவதே பாதுகாப்பு.

கணினியில் செய்பவர்களுக்கு இமேஜ்மேஜிக் ஒரே வரியில் முடித்துவிடும்:

```
magick paper.jpg -auto-orient -fill black -draw "rectangle 1480,120 2050,260" -strip clean.jpg
```

நான்கு எண்களும் செவ்வகத்தின் இடது மேல் மூலை, வலது கீழ் மூலை ஆகியவற்றின் பிக்சல் இடங்கள். `-strip` படம் எடுத்த இடம், நேரம், போன் மாடல் போன்ற உள்விவரங்களை நீக்கும். `-auto-orient` இல்லாமல் இதைச் செய்தால் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடலாம், ஏனென்றால் எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் அந்த உள்விவரத்தில்தான் இருக்கிறது. சாய்ந்தால் செவ்வகமும் வேறெங்கோ போய் விழும்.

தாள் நிறத்தில் பூசி அழிப்பது அழகாக இருக்கும், எனக்கு ஒப்புதல் இல்லை. கட்டங்கள் முதலிலேயே காலியாக இருந்தன என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று கறுப்புப் பெட்டியாவது நேர்மையாகச் சொல்கிறது.

தட்டச்சு செய்வது பக்கம் முழுக்கக் கையெழுத்தாக இருந்தால் மட்டும். வேலை அதிகம், சமன்பாடுகளில் பிழை புகும், மூலத்தாள் என்ற நம்பகமும் போகும். அதற்கு முன், எழுதப்படாத பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது மேல்.

ஏற்கெனவே பகிர்ந்தாகிவிட்டது என்றால், திருத்திய படத்தை அதே இடத்தில் மேலேற்றுவது மட்டும் போதாது. பல சேமிப்பிடங்கள் முந்தைய பதிப்பையும் வைத்திருக்கும். பழையதை நீக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது அந்த எண்ணையே செய்தியில் எழுதிவிடாதீர்கள், மூலையில் உள்ள கட்டம் என்றால் அவர்களுக்குப் புரியும்.

கடைசியாக, முடிந்த கோப்பை வேறொரு கருவியில் திறந்து வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பாருங்கள். அதோடு இரண்டாம் பக்கத்தின் படத்தையும் பாருங்கள். தாள் மெல்லியதாக இருந்து பேனா அழுந்தியிருந்தால், முன்பக்கத்து எண் பின்பக்கத்தில் இடது மேல் மூலையில் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி ஊறித் தெரியும். படத்தை இடவலமாகத் திருப்பினால் எண் நேராகிவிடும். அந்த மூலைக்கும் ஒரு செவ்வகம் போட வேண்டியிருக்கும்.