உத்தரப் பிரதேசமா, தமிழ்நாடா: எந்த வரைபடம் சொல்வது சரி?

2022-ல் சாலை விபத்துகளில் உத்தரப் பிரதேசத்தில் 22,595 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். இந்த எண்களை அப்படியே வைத்து மாநிலங்களுக்கு நிறம் தீட்டினால் உத்தரப் பிரதேசம்தான் கருஞ்சிவப்பாக முதலில் கண்ணில் படும். தமிழ்நாடு அதைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியும்.

இப்போது வகுத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் சுமார் 19.98 கோடி பேர், அதாவது 1,998 லட்சம். 22,595-ஐ அதால் வகுத்தால் லட்சம் பேருக்கு 11.3 மரணம் வருகிறது. தமிழ்நாட்டின் 7.21 கோடிக்கு அதே கணக்குப் போட்டால் 24.8. இரு மடங்குக்கும் மேல்! இந்த வரைபடத்தில் நிறங்கள் இடம் மாறிவிடுகின்றன.

2022 மரணங்களைப் பழைய மக்கள்தொகையால் வகுக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். இடையில் இரண்டு மாநிலங்களிலும் மக்கள் கூடியிருப்பதால் இரண்டு விகிதங்களுமே உண்மையைவிடச் சற்று அதிகம். ஆனால் உத்தரப் பிரதேசம் வேகமாக வளர்ந்த மாநிலம். புதிய மதிப்பீட்டைப் போட்டால் இடைவெளி இன்னும் விரியுமே தவிர, வரிசை மாறாது.

எண்ணிக்கை வரைபடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதலில் நிறவிளக்கக் கட்டத்தைப் பாருங்கள். ‘லட்சம் பேருக்கு’ என்பது போன்ற அலகு இல்லாமல் வெறும் எண் இருந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் பக்கத்தில் ஒரு மக்கள்தொகை வரைபடத்தை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்தால், விபத்து என்று தலைப்புப் போட்டு மக்கள்தொகையைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை வீண் என்று சொல்லவில்லை. எங்கே எத்தனை ஆம்புலன்ஸ் வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு 22,595 என்ற எண்தான் தேவை. அதை நிறத்தால் காட்டாமல், மாநிலத்தின் மேல் சிறிதும் பெரிதுமான வட்டங்களாக வரைந்தால் போதும். ஆபத்து எங்கே அதிகம் என்ற கேள்விக்கு நான் விகித வரைபடத்தைத்தான் எடுப்பேன்.

அதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, சின்னப் பகுதிகள். லட்சத்தீவில் 2011-ல் இருந்தவர்கள் 64,473 பேர். அங்கே ஒரே ஒரு மரணம் கூடினாலும் விகிதம் 1.5-க்கு மேல் ஏறிவிடும். தமிழ்நாட்டில் அதே ஏற்றத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் வேண்டும். ஆகவே சின்னப் பகுதிகளுக்கு ஐந்தாண்டுச் சராசரியைப் போட்டு வரைவது நல்லது.

இன்னொன்று, எதால் வகுக்கிறோம் என்பது. தமிழ்நாட்டில் ஆளுக்கான வண்டிகள் உத்தரப் பிரதேசத்தைவிட அதிகம். வண்டிக் கணக்கால் வகுத்தால் அந்த இடைவெளி சுருங்கும்.