எந்த விலையில் அலர்ட் ஒலிக்க வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் அக்கா, மாவரைக்க ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வாங்க எண்ணி, அதை ஷாப்பிங் செயலியின் விருப்பப் பட்டியலில் சேர்த்திருந்தார். அதன் விலை 4,200 ரூபாய்க்கும் 4,600 ரூபாய்க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால், முப்பது ரூபாய் குறைந்தாலும் அறிவிப்பு வந்தது. எவ்வளவு குறைந்தால் சொல்ல வேண்டும் என்று நாம் குறிப்பிட முடியாத பட்டியலால் இதைத் தவிர்க்க இயலாது.

அமேசான் விலைகளைக் கண்காணிக்கும் கீப்பா போன்ற சேவையில் இலக்கு விலையை நாமே எழுதலாம் என்பதால், என் தேர்வு அதுதான். ஆனால் இலக்கை விலை வரைபடத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். அந்த கிரைண்டர் மூன்று மாதங்களில் பலமுறை 4,200-ஐத் தொட்டது. தள்ளுபடி விற்பனையில் ஒருமுறை 3,990-க்கு வந்தது. ஆகவே 4,200 என்று வைத்தால் அடிக்கடி ஒலிக்கும், 3,500 என்று வைத்தால் ஒலிக்காமலே போகலாம், 4,000 பொருத்தமானது. வங்கி அட்டைத் தள்ளுபடி பொதுவாகப் பட்டியல் விலையில் சேராது. அட்டைக்கு 10 சதவீதம் கழிவு கிடைத்தால், 4,400 ரூபாய்ப் பொருள் 3,960-க்குக் கிடைத்தும் அலர்ட் பேசாது. எனவே விற்பனை நாட்களில் பக்கத்தை நேரில் திறந்து பார்ப்பதே நல்லது.

பங்கு விலையில் நிலைமை வேறு, ஏனெனில் சந்தை நேரம் முழுவதும் விலை அசைந்துகொண்டே இருக்கும். 500 ரூபாய்ப் பங்கு ஒரு நாளில் வழக்கமாகப் பத்து ரூபாய் ஆடுமானால், 497-இல் வைத்த அலர்ட் வெறும் ஆட்டத்தையே அறிவிக்கும். தினசரி ஆட்டத்தைப் போல் இரு மடங்கு தள்ளி, 480-இல் வைப்பது என் வழக்கம்.

இதற்குப் போட்டியாக, முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து 3 சதவீதம் சரிந்தால் ஒலிக்கும் அலர்ட்டைப் பலர் விரும்புகிறார்கள். திடீர் வீழ்ச்சியை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் நாளுக்கு 1 சதவீதமாகப் பத்து நாட்கள் சரிந்து, பங்கு ஏறக்குறைய 452-க்கு வந்துவிட்டாலும் அது ஒருமுறைகூட ஒலிக்காது, ஏனெனில் ஒப்பீட்டு விலை நாள்தோறும் கீழே நகர்ந்துவிடுகிறது. நீண்ட நாள் வைத்திருக்கும் பங்குக்கு நிலையான விலையே மேல்; ஆனால் போனஸ் பங்கு வழங்கல் அல்லது பங்குப் பிரிப்புக்குப் பின் விலை தானே குறையும் என்பதால், அந்த எண்ணை மாற்றி எழுத வேண்டும்.

480-இல் ஒருமுறை ஒலித்தபின் அதே அலர்ட்டை உடனே மீண்டும் இயக்கினால், விலை 479-க்கும் 481-க்கும் இடையே ஊசலாடும்போது தொல்லை திரும்பும். ஆகவே ஒருமுறை மட்டும் ஒலிக்கும் தெரிவை எடுத்துக்கொண்டு, அடுத்த அலர்ட்டை 465-இல் வையுங்கள். விலை 490-ஐத் தாண்டி மீண்டால் மட்டும் 480-க்கான அலர்ட்டை மறுபடி இயக்குங்கள்.