மஞ்சள் பல்பில் வெள்ளை வேட்டி: எடுக்கும்போதே சரிசெய்வதா, எடுத்த பிறகா?

தி. நகரில் வாங்கிய புது வேட்டியை இரவில் வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் படம் எடுத்தால் சந்தனம் தடவியது போல வரும். அந்த வெளிச்சத்தின் நிற அளவு சுமார் 2700 கெல்வின். அதில் நீலம் மிகக் குறைவு.

எடுக்கும்போதே சரிசெய்ய, போனின் ப்ரோ மோடில் WB எனும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவிலிருந்து மாற்றி 2700 பக்கம் வையுங்கள். மடிப்பின் நிழல் வெறும் சாம்பலாகவும், சரிகை பொன்னிறமாகவும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். சரிகையும் வெளிறினால் அளவு மீறிவிட்டது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒருபக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். ஒரே எண் இரண்டையும் சரிசெய்யாது.

எடுத்த பிறகு JPEG படத்தில் நிறத்தை நீலப் பக்கம் தள்ளலாம். ஆனால் குறைவாகப் பதிவான நீலத்தை ஏற்றும்போது மடிப்புகளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சம் அதிகம் பட்டு சிவப்பு நிரம்பி வழிந்த இடம் பச்சை கலந்த நீலமாகும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW படமென்றால் பிறகு மாற்றுவதில் நஷ்டமில்லை.

என் ஓட்டு முதல் வழிக்கே. துணி அசல் வெள்ளையா, லேசான கிரீமா என்று சந்தேகமா? அதையே வெள்ளையாகக் காட்டி அளவு வைக்காதீர்கள், கிரீம் மறைந்துவிடும். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து, அது வெறும் சாம்பலாகத் தெரியும்படி அளவு வையுங்கள்.